யோகா வகுப்புப் பக்கத்துக்குத் தலைப்பும் விவரமும் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா வேளச்சேரியில் ஒரு மாடிக் கூடத்தில் யோகா சொல்லித் தருகிறார். அவருடைய இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்காவுக்குத் தெரிந்த மற்ற ஆசிரியர்களும் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தலைப்பு, விவரம் என்கிறீர்களே, அது பக்கத்தில் எங்கே இருக்கிறது?

கூகுளில் தேடும்போது பெரிய எழுத்தில் ஒரு வரி வருகிறதல்லவா, அதைத் தொட்டால்தானே பக்கம் திறக்கும்? அந்த வரிதான் தலைப்பு. அதன் கீழே சின்ன எழுத்தில் வரும் இரண்டு மூன்று வரிகள் விவரம். பக்கத்தின் மூலக் குறியீட்டில் இரண்டும் இப்படி இருக்கும்:

```html
<title>புதியவர்களுக்கு ஹத யோகா: காலை, மாலை – வேளச்சேரி</title>
<meta name="description" content="திங்கள், புதன், வெள்ளி காலை 6:15, மாலை 6:30. இதுவரை யோகா செய்யாதவர்களுக்கு நிதானமான வகுப்பு. ஒரு நேரத்தில் 12 பேர் மட்டும். விரிப்பு இங்கேயே உண்டு.">
```

வேர்ட்பிரஸ், விக்ஸ் போன்றவற்றில் குறியீட்டைத் தொடவே வேண்டாம். பக்கத்தைத் திருத்தும் இடத்தில் இரண்டுக்கும் தனிப் பெட்டி இருக்கும், அல்லது அதற்கென்று ஒரு செருகுநிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியைக் காலியாக விட்டால் பக்கத்துக்கு நீங்கள் வைத்த பெயரே தலைப்பாகிவிடும். அக்காவின் பக்கம் ரொம்ப நாள் "வகுப்புகள்" என்ற ஒற்றைச் சொல்லோடு கூகுளில் நின்றது அப்படித்தான். பாட்டு வகுப்பா, டியூஷனா என்று பார்ப்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

பாணி, நிலை, நேரம் மூன்றில் எதை முதலில் போடுவது?

தேடுபவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் தேடுகிறார்கள்.

முதல் வகையினருக்கு யோகா என்ற சொல் மட்டும்தான் தெரியும். டாக்டர் சொல்லியிருப்பார், அல்லது முதுகு பிடித்திருக்கும். ஹதவுக்கும் வின்யாசாவுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்கள் மனதில் ஓடுவது இரண்டே கேள்விகள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் போய்வர முடியுமா, அங்கே எல்லாரும் தலைகீழாக நிற்கும்போது நான் மட்டும் முழித்துக்கொண்டு நிற்பேனா? அதாவது நேரமும் நிலையும். அவர்கள் தேடும் சொற்களும் அப்படியே இருக்கும்: ஊர்ப் பெயர், காலை அல்லது மாலை, புதியவர்களுக்கு, பெண்களுக்கு.

இரண்டாம் வகை, ஏற்கெனவே பழகியவர்கள். வேறு ஊரிலிருந்து வேலை மாறி வந்திருப்பார்கள். அங்கே செய்த அதே முறை இங்கே எங்கே கிடைக்கும் என்று தேடுவார்கள். இவர்கள் பாணியின் பெயரைத்தான் முதலில் தட்டுவார்கள். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அனுசரித்துக்கொள்வார்கள்.

ஆகவே எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வார்ப்பு பொருந்தாது. புதியவர்களுக்கான பக்கத்தில் நிலையை முன்னால் வைத்தேன், "புதியவர்களுக்கு ஹத யோகா: காலை, மாலை – வேளச்சேரி" என்று. வின்யாசா பக்கத்தில் பாணி முன்னால் வந்தது: "வின்யாசா யோகா, பழகியவர்களுக்கு – மாலை, வேளச்சேரி". மூன்றாவது, பெரியவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி நடக்கும் வகுப்பு. அங்கே பாணியின் பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்: "மூத்தோருக்கு நாற்காலி யோகா, காலை 10:30 – வேளச்சேரி". அப்பா அம்மாவுக்காக மகனோ மகளோ தேடும் பக்கம் அது. அவர்களுக்கு "நாற்காலி" என்ற சொல்லே போதும், தரையில் உட்கார வேண்டாம் என்று புரிந்துவிடும்.

ஊர்ப் பெயரை நான் எதிலும் விடவில்லை. காலை ஆறு மணி வகுப்புக்கு யாரும் பத்து கிலோமீட்டர் வரமாட்டார்கள்.

எங்கள் நிலையத்தின் பெயர் முன்னால் வர வேண்டாமா, தம்பி?

முகப்புப் பக்கத்தில் வரலாம். வகுப்புப் பக்கத்தில் கடைசியில் வரட்டும். உங்கள் பெயரைத் தெரிந்தவர் அந்தப் பெயரையே போட்டுத் தேடி முகப்புக்கு வந்துவிடுவார். தெரியாதவருக்கு அது வெறும் எழுத்து. கூகுள் இப்போது தலைப்புக்கு மேலே தளத்தின் பெயரைத் தனியாகவும் காட்டுகிறது.

தலைப்பு எத்தனை எழுத்து இருக்கலாம்? 60 என்று எல்லாரும் சொல்கிறார்களே?

அந்த 60 ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கு. கூகுள் எழுத்து எண்ணிக்கை என்று எந்த வரம்பும் வைக்கவில்லை. திரையில் இடம் இருக்கும் அளவுக்குக் காட்டிவிட்டு மீதியை வெட்டிப் புள்ளி வைத்துவிடும். கணினித் திரையில் அந்த இடம் ஏறக்குறைய 600 பிக்சல் அகலம். ஆங்கிலத்தில் i, l போன்ற ஒல்லி எழுத்துகள் நிறைய உண்டு. தமிழில் ணை, ளு, கொ எல்லாம் கை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு குழப்பம், எழுத்தெண்ணும் கருவிகள் தமிழை எண்ணும் விதம். "தொ" என்பது நமக்கு ஒரு எழுத்து. கணினிக்கு த என்பது ஒன்று, அதன் கொம்பும் காலும் சேர்ந்த குறி இன்னொன்று. மேலே கொடுத்த ஹத யோகா தலைப்பை இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து நம் கணக்கில் எண்ணினால் 31 வரும். பெரும்பாலான கருவிகளில் போட்டால் 47 என்று காட்டும். கருவி 60 வரை பச்சை விளக்கு காட்டுகிறதே என்று இன்னும் நீட்டினால் ஊர்ப் பெயர் வெட்டுப்பட்டுவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணி, முப்பதை ஒட்டி முடித்துவிடுவேன். நிலையத்தின் பெயரைச் சேர்த்தால் அதற்கு அப்புறம்தான், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை. கடைசியில் போனில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவேன்.

விவரத்தில் என்ன எழுதுவது? உடலையும் மனதையும் ஒன்றிணைக்கும் பயணம் என்று எழுதியிருக்கிறேன்.

அழகாக இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தெரு ஆசிரியரும் அதையே எழுதியிருப்பார்.

தலைப்பைப் பார்த்து அரை மனதோடு இருப்பவர், வருவதற்கு முன் எதைக் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். அக்காவுக்கு வரும் போன் அழைப்புகளை ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னேன். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும், ஆண்கள் வரலாமா, விரிப்பு கொண்டு வர வேண்டுமா, முதல் நாள் சும்மா வந்து பார்க்கலாமா. திரும்பத் திரும்ப இவைதான். மனதை ஒன்றிணைப்பீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பதில்களையே வரிசையாக எழுதினால் விவரம் தயார். கிழமையும் நேரமும் முதல் வாக்கியத்தில் வரட்டும், ஏனென்றால் போனில் விவரம் சீக்கிரம் வெட்டுப்படும். அடுத்து யாருக்கான வகுப்பு, அதன் பிறகு தயக்கத்தைப் போக்கும் ஏதாவது ஒன்று. அக்காவின் பக்கத்தில் "ஒரு நேரத்தில் 12 பேர் மட்டும்" என்பது அந்த வேலையைச் செய்கிறது. கூட்டத்தில் தொலைந்துபோக மாட்டோம் என்று தெரிகிறது. கட்டணத்தை அடிக்கடி மாற்றுபவராக இருந்தால் அதைப் பக்கத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். விவரத்தில் என்ன சொற்கள் இருந்தாலும் அதனால் வரிசையில் மேலே ஏற மாட்டீர்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. பார்த்தவர் தொடுவாரா என்பதற்குத்தான் அது உதவும். அதுவும் எப்போதும் நீங்கள் எழுதியதே வரும் என்று நம்ப முடியாது. தேடிய சொல் பக்கத்தின் நடுவில் வேறொரு வாக்கியத்தில் இருந்தால் கூகுள் அதை எடுத்துக் காட்டும். அதனால் கிழமையும் நேரமும் பக்கத்துக்குள்ளும் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். பலர் அட்டவணையைப் படமாகச் செய்து ஒட்டிவிடுகிறார்கள். "மாலை 6:30" என்று தேடுபவருக்கு அந்தப் படத்திலிருந்து வாக்கியம் எடுத்துக் காட்ட வழியில்லை.

எல்லா நிலையினருக்கும் என்று போட்டால் எல்லாரும் வருவார்களே?

நடப்பது நேர்மாறு. புதியவர் அதைப் படித்து "பழையவர்களும் இருப்பார்கள், நமக்கு வேண்டாம்" என்று நினைப்பார். பழகியவர் "புதியவர்களுக்காக மெதுவாகப் போகும்" என்று நினைப்பார்.

"தொடக்கநிலை", "இடைநிலை" என்பவையும் சான்றிதழில் எழுதும் சொற்கள். நான் தேடும்போது அப்படித் தட்டமாட்டேன், நீங்களும் தட்டமாட்டீர்கள். "புதியவர்களுக்கு", "இதுவரை செய்யாதவர்களுக்கு" என்பவை வாயில் வரும் சொற்கள். பேச்சில் "பிகினர்ஸ்" என்கிறார்கள், அதைப் பக்கத்துக்குள் ஒரு இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

நடுவில் இருப்பவர்களுக்குத்தான் சொல் கிடைக்காது. இடைநிலை என்றால் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒவ்வொரு பொருள். அங்கே நிலையின் பெயரை விட்டுவிட்டு, தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். வின்யாசா பக்கத்தின் விவரம் இப்படித்தான் தொடங்குகிறது: "செவ்வாய், வியாழன் மாலை 6:30. சூரிய நமஸ்காரம் நிறுத்தாமல் பத்துச் சுற்று செய்யக்கூடியவர்களுக்கு." இதைப் படிப்பவருக்குத் தன் இடம் எது என்று உடனே தெரிந்துவிடும். இந்த வரி வந்த பிறகு வழி தவறி வின்யாசாவுக்கு வந்து பாதியில் உட்கார்ந்துவிடுபவர்கள் குறைந்தார்கள் என்கிறார் அக்கா.

அஷ்டாங்க யோகா சொல்லித் தருகிறேன். அதை அப்படியே போட்டால் போதாதா?

இந்தப் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. அஷ்டாங்கம் என்றால் எட்டு அங்கம். யமம், நியமம் தொடங்கி சமாதி வரை பதஞ்சலி சொன்னதைத்தான் தமிழில் படித்தவர்கள் நினைப்பார்கள். நீங்கள் சொல்லித் தருவதோ மைசூரில் பட்டாபி ஜோய்ஸ் கற்பித்த முறை. வரிசை மாறாத ஆசனங்கள், மூச்சோடு சேர்ந்த அசைவு, நன்றாக வியர்க்கும். தியான வகுப்பு என்று நினைத்து வந்தவர் முதல் அரை மணியில் மலைத்துப்போவார். அதனால் தலைப்பில் "அஷ்டாங்க வின்யாச யோகா" என்று முழுப் பெயராகவே போடுங்கள். அந்த முறையைத் தேடி வருபவருக்கும் அது தெரிந்த பெயர்தான்.

அதற்குள்ளேயே "மைசூர் வகுப்பு" என்று ஒன்று உண்டு. ஆசிரியர் எண்ணிக்கை சொல்ல, எல்லாரும் சேர்ந்து செய்யும் வகுப்பு அதில் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வரிசையைத் தன் வேகத்தில் செய்ய, ஆசிரியர் நடந்து நடந்து திருத்துவார். தலைப்பில் வெறும் மைசூர் என்று போட்டால் சென்னையில் தேடுபவர் ஊர்ப் பெயர் என்று நினைத்துத் தாண்டிப் போவார். "மைசூர் முறை" என்று போட்டு, விவரத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. "காலை 5:30 முதல் 8 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், அமாவாசை, பௌர்ணமி விடுமுறை" என்பதும் அந்த விவரத்தில் வர வேண்டியது. அந்த மரபில் அந்த இரண்டு நாளும் ஓய்வு என்று பழகியவருக்குத் தெரியும். வார்த்தையைப் பார்த்ததும் சரியான இடம் என்று புரிந்துகொள்வார்.

ஐயங்கார் யோகா வேறு கதை. பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் வளர்த்த முறை அது. கட்டை, கயிறு, போர்வை, நாற்காலி எல்லாம் வைத்து ஒவ்வொரு ஆசனத்தையும் நிறுத்தி நிதானமாகச் செய்வார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டதும் பாதிப் பேருக்குச் சாதிதான் நினைவுக்கு வரும், மீதிப் பேருக்கு பேக்கரி. ஆகவே விவரத்தில் "கட்டை, கயிறு துணையோடு" என்று ஒரு சொல் சேர்க்கலாம். ஆனால் அந்த மரபின் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டும். சும்மா கட்டை வைத்துக் கற்றுத் தருபவர் தேடலுக்காக அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டால் முதல் வகுப்பிலேயே பழகியவர் கண்டுபிடித்துவிடுவார். பட்டாபி ஜோய்ஸ், ஐயங்கார், சென்னையில் இருந்த தேசிகாச்சார் மூவருமே கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றவர்கள்தான். ஆனாலும் ஒருவருடைய மாணவர் இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் வேறு ஊருக்கு வந்ததுபோல இருக்கும்.

தலைப்பில் காலை 6:15 என்று மணியையும் போடலாமா?

வருஷக்கணக்காக மாறாத நேரம் என்றால் போடலாம். அக்காவின் நாற்காலி வகுப்பு 10:30 என்பது அப்படி. ஹத வகுப்பில் ஒருமுறை சூடு பட்டுக்கொண்டோம். அப்போது தலைப்பில் "காலை 6 மணி" என்று இருந்தது. மார்கழிக் குளிரில் யாரும் எழுந்து வரவில்லை என்று வகுப்பை 6:15-க்குத் தள்ளினார். நான் பக்கத்துக்குள் அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டுத் தலைப்பை மறந்துவிட்டேன். அப்புறம் மாற்றியும் கூகுளில் பழையது இன்னும் சில நாள் நின்றது, ஏனென்றால் கூகுள் திரும்ப வந்து பக்கத்தைப் படித்தால்தான் மாறும். இரண்டு பேர் ஆறு மணிக்கே வந்து பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள்.

அதிலிருந்து தலைப்பில் "காலை", "மாலை" மட்டும்தான். மணி விவரத்திலும் பக்கத்துக்குள்ளும். நேரம் மாறினால் எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தலைப்பு, விவரம், பக்கத்தின் முதல் பத்தி, கூகுள் வரைபடத்தில் வேலை நேரம் என்று நான்கு இடம். மாற்றியதும், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான Search Console-இல் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டு "Request indexing" அழுத்தினால் கூகுள் சீக்கிரம் வந்து பார்க்க வாய்ப்புண்டு. உடனே வந்துவிடும் என்று உறுதியில்லை.

பாணிக்கு ஒன்று, நிலைக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பக்கம் போட்டால் எல்லாத் தேடலிலும் வருவோமா?

இணையதளம் செய்து கொடுத்த ஒருவர் அக்காவுக்கு இதையேதான் செய்திருந்தார். மூன்று பாணி, இரண்டு நிலை, காலை, மதியம், மாலை என்று மூன்று நேரம். பெருக்கினால் 18 பக்கம். உள்ளே ஒரே பத்திகள், தலைப்பில் மட்டும் சொல் மாறியிருக்கும். மதியம் அக்கா வகுப்பே எடுப்பதில்லை என்பது தனி வேடிக்கை.

தேடலில் சிக்குவதற்காக மட்டும் ஒன்றுபோலவே பக்கங்களை உருவாக்குவதைக் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகத் தடுக்கிறது. விதியை விடுங்கள், நடைமுறையிலும் அது வேலை செய்யாது. ஒன்றுபோல இருக்கும் பக்கங்களில் கூகுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை ஒதுக்கிவிடும். எதைத் தேர்வது என்பதும் அதன் விருப்பம். Search Console-இல் பக்கங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது பலவற்றின் மேல் "Duplicate, Google chose different canonical than user" என்றும், சிலவற்றின் மேல் "Crawled - currently not indexed" என்றும் எழுதியிருந்தது. உங்கள் தளத்திலும் இந்த வரிகள் நிறைய இருந்தால் இதே நோய்தான்.

நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: இரண்டு வகுப்பிலும் செய்யும் ஆசனங்களும் வரும் ஆட்களும் வேறா? ஹத வகுப்பு காலையிலும் மாலையிலும் ஒன்றேதான், ஆகவே ஒரே பக்கம், தலைப்பில் இரண்டு நேரமும். வின்யாசா வேறு ஆட்கள், தனிப் பக்கம். நாற்காலி வகுப்பும் தனி. 18 பக்கம் மூன்றானது. நீக்கிய பக்கங்களின் பழைய முகவரிகளை அந்தந்தப் பாணியின் புதுப் பக்கத்துக்கு 301 முறையில், அதாவது நிரந்தரமாக, திருப்பிவிட்டேன். இல்லாவிட்டால் எங்கோ பகிர்ந்த பழைய இணைப்பைத் தொடுபவர் வெற்றுப் பக்கத்தில் போய் நிற்பார்.

தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்திலா?

பக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில். உள்ளே முழுக்கத் தமிழாக இருந்து தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால், இரண்டும் பொருந்தவில்லை என்று கூகுள் தலைப்பை மாற்றிக் காட்டக்கூடும். பக்கத்தின் முக்கிய உள்ளடக்கத்தின் மொழியிலும் எழுத்திலுமே தலைப்பு இருக்கட்டும் என்று அவர்களே வழிகாட்டியில் சொல்கிறார்கள்.

சென்னையில் வீட்டில் தமிழ் பேசுபவர்களும் போனில் ஆங்கிலத்தில் தட்டித் தேடுவது சகஜம். அக்காவுக்கு ஹத வகுப்புக்கு ஆங்கிலப் பக்கம் ஒன்றும் வைத்திருக்கிறோம்:

```html
<title>Beginner Hatha Yoga in Velachery: Morning & Evening</title>
```

இது 51 எழுத்து, ஆங்கிலத்தில் வெட்டுப்படாது. ஒரு பக்கத்தின் வேறு மொழி வடிவம் எது என்று கூகுளுக்குச் சொல்லும் hreflang குறிப்பால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. ஒரே தலைப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் கோடு போட்டுச் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வெட்டுப்பட்டு எதுவும் முழுசாகத் தெரியாது.

நான் எழுதிய தலைப்பு ஒன்று, கூகுளில் வேறொன்று வருகிறது. ஏன்?

கூகுள் தலைப்பைத் தானே மாற்றிக் காட்டும். 2021-இல் இந்த முறையை இன்னும் விரிவாக்கினார்கள். பெரும்பாலும் பக்கத்துக்குள் பெரிதாகத் தெரியும் முதல் தலைப்பை, அதாவது h1-ஐ, எடுத்துக்கொள்ளும்.

காரணம் பொதுவாக நம்மிடம்தான் இருக்கும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு, அல்லது "யோகா, யோகா வகுப்பு, யோகா சென்னை, சிறந்த யோகா" என்று அடுக்கியது, அல்லது தலைப்பில் மாலை, உள்ளே காலை. வின்யாசா பக்கத்தில் எனக்கு நேர்ந்தது ரொம்பச் சாதாரணமானது. பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் "வாருங்கள், மூச்சு விடுவோம்!" என்று அக்கா ஆசையாக எழுதியிருந்தார். கூகுள் அதையே தலைப்பாக்கிவிட்டது. அந்த வரியைச் சின்ன எழுத்தில் கீழே இறக்கி, மேலே "பழகியவர்களுக்கு வின்யாசா யோகா, மாலை வகுப்பு" என்று வைத்தேன். சில வாரத்தில் சரியானது. தலைப்பும் h1-உம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சொல்லும் செய்தி ஒன்றாக இருந்தால் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். அவர்களுக்கு எப்படி எழுதுவது?

நம் காலை அவர்களுக்குக் காலை இல்லை. இந்திய நேரம் காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8:30. நியூ ஜெர்சியில் அது முந்தைய நாள் மாலை, கோடையில் 8:30, குளிர்காலத்தில் 7:30. அங்கே இருப்பவர் வேலை முடிந்து "மாலை யோகா" என்றுதான் தேடுவார். உங்கள் தலைப்போ "காலை யோகா" என்று நிற்கும்.

அமெரிக்க மாணவர்கள் நிறைய இருந்தால் அவர்களுக்கென்று தனிப் பக்கம் வைப்பது நியாயம்தான். கிழமையும் மாறுகிறது, நேரமும் வருஷத்தில் இரண்டு முறை மாறுகிறது. தலைப்பில் "அமெரிக்கத் தமிழர்களுக்கு ஆன்லைன் யோகா, மாலை" என்று அவர்கள் நேரத்தில் சொல்லுங்கள். விவரத்தில் கிழமையையும் அவர்கள் கணக்கில் போடுங்கள். நம் திங்கள் காலை அவர்களுக்கு ஞாயிறு மாலை. இதை மறந்து ஒரு ஆசிரியர் முதல் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

சர்க்கரை குறையும், தைராய்டு குணமாகும் என்று போட்டால் நிறையப் பேர் வருவார்களே?

வருவார்கள், குணமாக வேண்டும் என்று வருவார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவரும் அவர்களில் இருப்பார். இந்தப் பொறுப்பை அக்கா ஏற்கத் தயாரில்லை, நானும் எழுத மாட்டேன். "சர்க்கரை உள்ளவர்களும் சேரலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று விவரத்தில் எழுதினால், தேடுபவருக்குத் தேவையான சொல்லும் வந்துவிடும், பொய்யும் இருக்காது. கர்ப்பிணிகளுக்கான வகுப்பு என்றால் எத்தனையாவது மாதத்திலிருந்து சேர்த்துக்கொள்வீர்கள் என்பதை விவரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

"சென்னையின் நம்பர் 1" என்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஊர்ப் பெயரைப் போடுங்கள்.

வாட்ஸப்பில் இணைப்பை அனுப்பினால் வேறு ஏதோ வருகிறது.

வாட்ஸப் முதலில் பார்ப்பது வேறு இரண்டு குறிப்புகளை:

```html
<meta property="og:title" content="புதியவர்களுக்கு ஹத யோகா: காலை, மாலை – வேளச்சேரி">
<meta property="og:description" content="திங்கள், புதன், வெள்ளி. முதல் நாள் சும்மா வந்து பார்க்கலாம்.">
```

அக்காவுக்குப் பாதிப் பேர் குடியிருப்புச் சங்கக் குழுக்களில் பகிர்ந்த இணைப்பிலிருந்துதான் வருகிறார்கள். அதனால் இதை விட்டுவிடாதீர்கள். மாற்றிய பிறகும் ஏற்கெனவே அனுப்பிய செய்தியில் பழையதே இருக்கும், புதிதாக அனுப்பினால்தான் புதியது வரும்.

மாற்றியது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

Search Console-இல் "Performance" பகுதியில் ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எந்தச் சொற்களுக்குக் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று பாருங்கள். மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு: மாலை யோகா என்ற தேடலுக்கு 200 முறை காட்டப்பட்டு நான்கு பேர்தான் தொட்டார்கள், இடம் மூன்றாவதோ நான்காவதோ என்று வைத்துக்கொள்வோம். இடம் நன்றாகத்தான் இருக்கிறது, தலைப்பும் விவரமும் ஆளை இழுக்கவில்லை. தலைப்பில் "மாலை" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே 200-க்கு இடம் முப்பதாவது என்றால் தலைப்பைத் திருப்பித் திருப்பி எழுதிப் பயனில்லை. பக்கத்துக்குள் சரக்கு போதவில்லை, அல்லது தேடுபவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள்.

"near me" என்று தேடுபவர்களுக்கு முதலில் வரைபடமும் மூன்று நிலையங்களும்தான் வரும். அங்கே உங்கள் வகுப்புப் பக்கத்தின் தலைப்பு தெரியாது. அது கூகுளில் நிறுவனப் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை. அதில் பெயர் இருக்கும் இடத்தில் "காலை யோகா வேளச்சேரி" என்று சொற்களைச் சேர்க்காதீர்கள். வாசல் பலகையில் இருக்கும் பெயர் மட்டும்தான் அங்கே இருக்கலாம், மற்றதைச் சேர்த்தால் பக்கத்தையே முடக்கிவிடக்கூடும்.

ஒரு தலைப்பை மாற்றினால் நான்கு வாரமாவது விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் இரண்டு வாரமும், யோகா தினமான ஜூன் 21-ஐ ஒட்டிய நாள்களும் கணக்கில் வேண்டாம். அப்போது தலைப்பு எப்படி இருந்தாலும் ஆட்கள் தேடுவார்கள். Search Console 16 மாதக் கணக்கை வைத்திருக்கும், ஆகவே போன வருஷத்தின் அதே வாரங்களோடு ஒப்பிடலாம். அக்கா மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை. புதிதாக வருபவரிடம் "எப்படித் தேடினீங்க?" என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லை அப்படியே வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைக்கிறார். அடுத்த முறை தலைப்பைத் திருத்தும்போது நான் முதலில் திறப்பது அந்த நோட்டைத்தான்.